தகரப் பெட்டிக்குள் இருந்த தந்தி

கேள்வி: சின்ன வயசுல படிச்ச ஒரு கதைப் புத்தகம். பேரும் ஞாபகம் இல்ல, எழுதினவரும் தெரியாது. ரெண்டு மூணு காட்சியும் அட்டையோட நிறமும்தான் மங்கலா நினைவுல இருக்கு. இதை வச்சுக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் காட்சிகளில் வேறெந்தக் கதையிலும் வர வாய்ப்பில்லாத ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் தம்பிக்காக நான் தேடியதைச் சொல்கிறேன்.

அவன் தொடக்கநிலை மூன்றில் இருந்தபோது, எங்கள் மாமா பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஒரு பழைய புத்தகக் கடையிலிருந்து வாங்கி வந்த ஆங்கிலப் புத்தகம் அது. வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது. நாற்பது வருடம் கழித்து, தன் மகளுக்குப் படித்துக் காட்ட அது வேண்டும் என்றான். அவன் சொன்ன அடையாளம் இவ்வளவுதான்: இரண்டு பையன்கள், பனி, நீண்ட ரயில் பயணம், அப்பாவைப் பார்க்கப் போகிறார்கள், வழியில் ஒரு கடிதம் ஆற்றில் விழுந்துவிடுகிறது, கருநீல அட்டை.

இதை அப்படியே வைத்து ஒரு வாரம் தேடினேன். பனியும் ரயிலும் அப்பாவும் வரும் கதைகள் கணக்கில்லாமல் இருக்கின்றன. வந்ததையெல்லாம் அவனுக்கு அனுப்ப, எல்லாவற்றுக்கும் "இல்லக்கா" என்றே பதில் வந்தது.

பிறகுதான் தேடுவதை நிறுத்திவிட்டு அவனிடம் ஒழுங்காகக் கேட்டேன். தீபாவளிக்கு முந்தைய நாள், முறுக்கு பிழிந்துகொண்டே, "கதையைச் சொல்லாதே, உன் கண்ணுக்குத் தெரியிற ஒரே ஒரு இடத்தை மட்டும் சொல்லு" என்றேன். குறுக்கே எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவன், "ரெண்டு பேரும் சண்டை போடுவாங்கக்கா. ஒருத்தனோட தகரப் பெட்டியை இன்னொருத்தன் ஜன்னல் வழியா வீசிடுவான். அதுக்குள்ளதான் தந்தி இருக்கும். அம்மாவுக்குத் தெரியாது" என்றான். ஆற்றைப் பற்றிக் கேட்டேன். "ஆறா? ஆறு இல்லையே" என்றான்.

மனம் பதறிய இடம்தான் அவனுக்குக் கெட்டியாக நின்றிருக்கிறது. ஆறு பின்னால் இடைவெளியை அடைக்க வந்தது. அதனால் கதைச் சுருக்கத்தைக் கேட்பதைவிட ஒரு காட்சியைக் கேட்பது நல்லது. நீங்களும் உங்களையே அப்படிக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பக்கத்தைப் படித்தபோது பயமா, அழுகையா, பொறாமையா? எந்தப் பொருளின் மேல் அந்த உணர்ச்சி ஒட்டியிருக்கிறது? எங்களுக்கு அது தகரப் பெட்டி.

இனி தேட வேண்டிய இடமும் மாறியது. பொதுவான தேடல் அதிகமும் தலைப்பையும் அறிமுகக் குறிப்பையும்தான் பார்க்கும். தகரப் பெட்டி எந்த அறிமுகத்திலும் இருக்காது, புத்தகத்தின் உள்ளேதான் இருக்கும். archive.org தளத்தில் ஸ்கேன் செய்யப்பட்ட பழைய சிறுவர் நூல்கள் நிறைய உண்டு. அங்கே தேடல் பெட்டிக்குக் கீழே `Search text contents` என்பதைத் தேர்ந்தெடுத்தால் உள்பக்கங்களிலும் தேடும். நான் தட்டியது இது:

```
telegram "tin box" window snow brothers
```

மொழிபெயர்ப்பு நூலாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் எந்தச் சொல்லைப் போட்டிருப்பார் என்று நமக்குத் தெரியாது. அதனால் `"tin box"` என்பதை மாற்றி `"metal box"` என்றும், வெறும் `box` என்றும் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய அச்சை இயந்திரம் தப்பாகப் படித்திருக்கவும் கூடும். அதனால் ஒரே நேரத்தில் நிறையச் சொற்களைக் கட்டாயமாக்கினால் சரியான புத்தகமே நழுவிவிடும்.

அப்படித் தேடித்தான் `Chuk and Gek` கிடைத்தது. அர்க்காதி கைதார் எழுதி 1939இல் வந்த ரஷ்யக் கதை. தொலைதூரக் காட்டில் வேலை செய்யும் அப்பா, மனைவியையும் பிள்ளைகளையும் வரச் சொல்லி முதலில் கடிதம் போடுகிறார். பிறகு, இப்போது கிளம்ப வேண்டாம் என்று தந்தி வருகிறது. அம்மா வீட்டில் இல்லை. தந்தி பெட்டிக்குள் போகிறது, பெட்டி சண்டையில் ஜன்னலுக்கு வெளியே பனிக்குள் போகிறது. பையன்கள் வாயைத் திறக்கவில்லை. மூவரும் ரயிலேறிப் போய் இறங்கினால் அங்கே முகாமில் காவலாளி மட்டும்தான். கடிதம், தந்தி இரண்டும் கதையில் இருக்கின்றன. தம்பி இரண்டையும் ஒன்றாக்கியிருந்தான்.

அவனிடம் நான் உடனே பெயரைச் சொல்லவில்லை. ஆசையோடு காத்திருப்பவரிடம் "இதுதானே?" என்று காட்டினால், முக்கால்வாசி பொருந்தினாலும் ஆமாம் என்பார்கள். பிறகு அந்தப் புதிய படமே பழைய நினைவின் மேல் ஏறிவிடும், திரும்பச் சோதிக்க வழியே இருக்காது. ஆகவே அவன் இதுவரை சொல்லாத ஒன்றைப் புத்தகத்திலிருந்து எடுத்து, விடை தெரியாத மாதிரிக் கேட்டேன்: "அந்தப் பெட்டில வேற என்ன வச்சிருப்பான்?" யோசிக்கவே இல்லை. "மிட்டாய்த் தாள், வெள்ளித்தாள்" என்றான். கதையில் பெட்டிக்குள் தேயிலைப் பொட்டலத்தின் வெள்ளித்தாளும் மிட்டாய்த் தாள்களும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். அந்தப் பதிலுக்குப் பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை.

அவனிடம் இருந்த அதே பதிப்பைப் பிடிப்பது வேறு வேலை. நீங்கள் படித்த ஆண்டு, புத்தகம் அதற்குப் பிறகு வந்திருக்க முடியாது என்பதை மட்டும்தான் சொல்லும். பழைய கடையில் வாங்கியது என்றால் இருபது வருடம் முந்தியதாகக்கூட இருக்கலாம். மாஸ்கோ புத்தகங்களில் பதிப்பகத்தின் பெயரே காலத்தைச் சொல்லிவிடும். அயல்மொழிப் பதிப்பகம் 1963இல் முன்னேற்றப் பதிப்பகம் ஆனது. ராதுகா பதிப்பகம் 1982இல் அதிலிருந்து தனியாகப் பிரிந்தது. ஒரே கதை வெவ்வேறு ஓவியங்களோடும் அட்டைகளோடும் திரும்பத் திரும்ப அச்சானதால், நிறத்தைச் சொல்லித் தேடுவது ஆளைத் தப்பவிட்டுச் சட்டையைத் துரத்துவது மாதிரி. நாங்கள் பார்த்த பதிப்புகளில் கருநீலம் எதுவும் இல்லை. கதை நீல மலைகளுக்குப் பக்கத்துக் காட்டில்தான் தொடங்குகிறது. அந்த நீலம் அட்டைக்கு ஏறியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்களுடையது தமிழ்ப் புத்தகமாக இருந்தால் இன்னொரு இடத்தில் முட்டிக்கொள்வீர்கள். வோர்ல்ட்கேட் போன்ற நூலகப் பட்டியல்களில் பல தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில் இருக்கும், அதுவும் நாம் உச்சரிக்கிற மாதிரி இருக்காது. சகரம் எப்போதும் `c`, ககரம் எப்போதும் `k`, தகரம் `t`. `singam` என்று தேடினால் கிடைக்காத புத்தகம் `cinkam` என்றால் வரும். கதைகள் என்பதை `kataikal` என்று போட வேண்டும். எழுத்தின் மேலும் கீழும் வரும் புள்ளி கோடுகளை விட்டுவிடலாம்.

நீங்கள் சொல்லும் அந்த ரெண்டு மூணு காட்சிகளையும் இங்கேயே எழுதுங்கள். எந்த மொழி, யார் கொடுத்தது, நீங்களாகவே படித்தீர்களா, யாராவது படித்துக் காட்டினார்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிச்சயமாகத் தெரிந்ததையும், இருக்கலாம் என்று தோன்றுவதையும் தனித்தனியாக எழுதுங்கள். நானும் தேடிப் பார்க்கிறேன்.