இடது லீவரில் முன் பிரேக் ஏன்? கேபிளைக் கழற்றாதீர்கள்

கேள்வி: புது ஸ்கூட்டரில் இடது கை பிரேக்கைப் பிடித்தால் முன் சக்கரமும் பிடிக்கிறது. மணலில் வழுக்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தெரிந்த மெக்கானிக் 300 ரூபாய்க்கு முன் சக்கரத்துக்குப் போகும் கேபிளைக் கழற்றிவிடுவதாகச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. பின் சக்கரத்தின் மேல் உள்ள அழுத்தம் குறைகிறது. அப்போது பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் டயர் சீக்கிரமே பூட்டிக்கொண்டு வழுக்கும். ஆளோடு சேர்த்து 180 கிலோ இருக்கும் வண்டி, உலர்ந்த சாலையில், 40 கி.மீ. வேகத்தில் போவதாகக் கணக்குப் போட்டால், பின் பிரேக்கில் மட்டும் நிற்கச் சுமார் 20 மீட்டர் ஆகும். இரண்டு பிரேக்கும் சேர்ந்து நன்றாகப் பிடித்தால் 13 மீட்டருக்குள் நின்றுவிடும். இடைப்பட்ட 7 மீட்டரில் ஒரு ஆட்டோவே நிற்கும்.

நம்மில் பலர் முன் பிரேக்குக்கான வலது லீவரைத் தொடுவதே இல்லை. எட்டு போட்டு லைசென்ஸ் கொடுக்கும் சோதனையில் யாரும் அதைக் கேட்பதும் இல்லை. அதனால்தான் 125 சி.சி. வரையிலான வண்டிகளில், ஒரே லீவரில் இரண்டு சக்கரத்தையும் பிடிக்கும் சிபிஎஸ் அல்லது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் விற்கும்போது இதை விளக்கிச் சொல்ல ஷோரூமில் ஒருவருக்கும் நேரமில்லை!

டிரம் பிரேக் வண்டிகளில் இடது லீவரின் கேபிள் ஒரு இணைப்புக் கட்டையை இழுக்கிறது. அதிலிருந்து ஒரு கேபிள் பின்னாலும் இன்னொன்று முன்னாலும் போகிறது. முன் பக்கம் சற்றுத் தாமதமாக, குறைந்த பலத்தோடு பிடிக்கும்படி ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். முன் கேபிளைக் கழற்றினால் கட்டை ஒருபக்கமாகச் சாய்ந்து, லீவர் ஆழமாக உள்ளே போகலாம். பின் பிரேக்கும் வலுவிழக்கலாம். அந்த மெக்கானிக் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

உண்மையான கோளாறு பெரும்பாலும் அட்ஜஸ்ட்மென்டில்தான். பின் டிரம் நட்டு தளர்ந்தோ முன் நட்டு அளவுக்கு மீறி இறுகியோ இருந்தால் முன் சக்கரம் முந்திக்கொள்ளும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருவர் பின்பக்கத்தை அமுக்கி முன் சக்கரத்தைத் தூக்கட்டும். சக்கரத்தைச் சுழலவிட்டு இடது லீவரை மெதுவாக அழுத்துங்கள். அழுத்தத் தொடங்கியதுமே சக்கரம் கெட்டியாக நின்றால் அட்ஜஸ்ட்மென்ட் தவறு. லீவரை விட்ட பிறகும் உரசினால் முன் நட்டை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்த வேண்டும். முதலில் பின் பிரேக்கைச் சரிசெய்துவிட்டு அப்புறம்தான் முன்னால் வர வேண்டும். லீவர் நுனியின் ஆட்டம் எவ்வளவு என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும்.

மணல் பயம் நியாயமானது. சிபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்காது. அது ஏபிஎஸ்ஸின் வேலை. திருப்பத்தில் மணல் தெரிந்தால், வண்டி நேராக நிற்கும்போதே இரண்டு லீவரையும் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். சாய்வதற்கு முன் இரண்டையும் விட்டுவிடுங்கள். மணல் மேல் போகும்போது வேகத்தைக் கூட்டவும் வேண்டாம், பிரேக் பிடிக்கவும் வேண்டாம். பிடித்தே ஆக வேண்டுமென்றால் வண்டியை நிமிர்த்திய பிறகு, இடது லீவரை மட்டும், விரல் நுனியால்.