கடைசிக் கேள்வியிலிருந்து முதல் பாடவேளைக்கு

கேள்வி: ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பருவக் கடைசியில் இயற்கணிதத்தை ஓட்டமாக முடிக்க வேண்டியிருக்கிறது. தேர்விலிருந்து பின்னோக்கித் திட்டமிடச் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது?

பதில்: பாடநூலை மூடிவிட்டு, தொகுத்தறி மதிப்பீட்டில் வரக்கூடிய கடினமான ஒரு கேள்வியை நீங்களே போட்டுப் பாருங்கள். உதாரணமாக: ‘ஓர் எண்ணின் 3 மடங்குடன் 7-ஐக் கூட்டினால் −8. அந்த எண் எது?’

3x + 7 = −8
3x = −8 − 7
3x = −15
x = −5

ஒவ்வொரு வரிக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பக்கத்தில் எழுதுங்கள். முதல் வரிக்கு வாக்கியத்தைக் கோவையாக்கத் தெரிய வேண்டும். இரண்டாவதற்கு, இருபுறமும் ஒரே எண்ணைக் கழித்தாலும் சமன் குலையாது என்பது புரிந்திருக்க வேண்டும். அடுத்த இரண்டும் முழுக்களின் கழித்தலும் வகுத்தலும். ஆக, கேள்வி இயற்கணிதம். பாதி வேலை முழுக்கள். அதனால் முழுக்களை முடித்த கையோடு இயற்கணிதத்துக்குப் போவதே நல்லது. இணைகரம், சரிவகத்தின் பரப்பளவுக்கு இவை அதிகம் தேவையில்லை. அதைப் பின்னால் தள்ளலாம்.

இனி நாட்களைப் பின்னிருந்து எண்ணுங்கள். இந்த அலகுக்கு 14 பாடவேளை இருப்பதாகக் கொள்வோம். கடைசி வேளை விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்துத் திருத்த. அதற்கு முந்தையது சிறு தேர்வு. தேர்வைக் கடைசி வேளையில் வைத்தால் பிழை தெரியவரும், சரிசெய்ய நாள் இருக்காது. அதற்கு முன் 3 வாக்கியக் கணக்குக்கு, 3 சமன்பாட்டுக்கு, 3 ஒத்த உறுப்புகளைக் கூட்டிக் கழிக்க, 2 மாறிக்கும் கோவைக்கும். மிஞ்சும் முதல் வேளையில் −8 − 7, −15 ÷ 3 போன்ற பத்துக் கணக்கு கொடுத்துச் சோதியுங்கள். வகுப்பில் கால்வாசிப் பேருக்கு மேல் தடுமாறினால் ஒத்த உறுப்புகளில் ஒரு வேளையைக் குறைத்து இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்; வாக்கியக் கணக்கின் மூன்றைத் தொடாதீர்கள்.

வாக்கியத்தைக் கோவையாக்குவதை மட்டும் கடைசி வரை தள்ளிப்போடக் கூடாது. ‘x-ஐ 5-லிருந்து கழி’ என்றால் காதில் விழுந்த வரிசையிலேயே x − 5 என்று எழுதுகிறார்கள். வேண்டியது 5 − x. மாறியை அறிமுகம் செய்யும் நாளிலிருந்தே தினமும் ஐந்து நிமிடம் இதற்குத் தாருங்கள்.

சிறு தேர்வில் பலர் 3x = −1 என்று எழுதியிருப்பார்கள். இங்கே அவசரப்படாதீர்கள், ஒரே தவறான விடைக்கு இரண்டு வழி உண்டு. முந்தைய வரி −8 + 7 என்றிருந்தால் சமன்பாடு புரியவில்லை. −8 − 7 என்று சரியாக எழுதியும் −1 வந்திருந்தால் குறை முழுக்களில். வரி வரியாக எழுதச் சொல்லாவிட்டால் இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியாது. கடைசி வேளையில் எதைத் திரும்ப நடத்துவதென்றும் தெரியாது.