ஜவுளிக்கடையின் காலைக் கூட்டத்தில் என்ன பேசுவது?

கேள்வி: ஜவுளிக்கடையில் புதிதாக ஃப்ளோர் சூப்பர்வைசர் ஆகியிருக்கிறேன். தினமும் கடை திறக்கும் முன் டார்கெட்டைச் சொல்லி, யாராவது ஒருவரைப் பாராட்டியும் பேச வேண்டும். எப்படிப் பேசுவது? மாதிரி கிடைக்குமா?

பதில்:

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பல ஆண்டுகளாக இந்தப் பேச்சைப் பேசி வருகிறேன். ஐந்து நிமிடப் பேச்சுக்கான வேலை முந்தைய இரவே தொடங்கிவிடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டார்கெட்டை எடுக்கும்போது சென்ற ஆண்டின் அதே தேதியைப் பார்க்காதீர்கள். அதே கிழமையையும், அதற்கு அடுத்து முகூர்த்தம் எத்தனை நாளில் வந்தது என்பதையும் பாருங்கள். ஆவணியில் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முந்தைய புதன்கிழமையும், முகூர்த்தமே இல்லாத வாரத்துப் புதன்கிழமையும் ஒன்றல்ல. அப்படிப் பார்த்து, சேலைப் பிரிவில் 100 பில் விழும், சராசரி பில் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விற்பனை 1,50,000 ஆகும். முதலாளி கேட்பதோ 1,65,000. இந்த 15,000 ரூபாயை அப்படியே ஊழியர்களிடம் சொன்னால், கடைக்குள் யார் வருவார்கள் என்பதைத் தீர்மானிக்க முடியாத அவர்களால் அதை வைத்து ஒன்றும் செய்ய இயலாது. உள்பாவாடையும் பொருத்தமான ரவிக்கைத் துணியும் சேர்ந்து 300 ரூபாய் என்றால், 50 செட் கூடுதலாக விற்றால் அந்த 15,000 வந்துவிடும். பிரிவில் பத்துப் பேர் இருந்தால் ஆளுக்கு ஐந்து செட். காலையில் நான் சொல்வது இந்த ஐந்தை மட்டும்தான்.

பாராட்டுக்கு உரியவரையும் இரவிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். இதில் நான் ஒருமுறை பெரிய தவறு செய்தேன். பில்லில் இருந்த சேல்ஸ்மேன் எண்ணைப் பார்த்து, அதிகம் விற்றவர் என்று ஒருவரை மூன்று நாள் தொடர்ந்து பாராட்டினேன். அந்தச் சேலைகளில் பலவற்றை எடுத்துப் போட்டு, விரித்துக் காட்டி, பேசி முடித்தவர் பக்கத்துக் கவுண்டரில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அவர் அதன்பின் ஒரு வாரம் என் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. அன்றிலிருந்து தொகையை வைத்து யாரையும் பாராட்டுவதில்லை. நடந்த ஒரு செயலை, அதைக் கண்ணால் பார்த்தவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே சொல்கிறேன்.

மேலே சொன்ன புதன்கிழமைக்கான பேச்சு இப்படி இருக்கும். பேச்சு வழக்கிலேயே தருகிறேன், எழுத்துத் தமிழில் பேசினால் யார் காதிலும் ஏறாது.

"எல்லாருக்கும் வணக்கம். நாளை மறுநாள் முகூர்த்தம், அதனால சாயங்காலம் கூட்டம் இருக்கும். சேலை செக்ஷன்ல இன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதான். சேலை முடிவானதும், பில் போடுறதுக்கு முன்னாடி, அதுக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணியையும் உள்பாவாடையையும் சேலை மேலயே வச்சுக் காட்டுங்க. ஆளுக்கு அஞ்சு செட். வேண்டாம்னு சொன்னா வற்புறுத்த வேண்டாம். நாலு மணிக்கு வந்து பாக்குறேன். அப்புறம், நேத்து டெலிவரி கவுண்டர்ல நம்ம அக்கா பைல போடுறதுக்கு முன்னாடி சேலையைப் பிரிச்சுப் பாத்தாங்க. முந்தியில இழை விட்டிருந்துச்சு. உடனே மாத்திக் குடுத்தாங்க. அதை வாங்கினவங்க உசிலம்பட்டிக்காரங்க. அக்கா பாக்கலைன்னா திரும்ப பஸ் ஏறி வந்திருப்பாங்க. நன்றிக்கா. வேற ஏதாவது இருக்கா? சரி, கடையைத் திறப்போம்."

உங்கள் கடையில் பேசும்போது "நம்ம அக்கா" என்ற இடத்தில் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாராட்டு அரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். "இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சேர்த்தாலே அது மற்றவர்களைக் கண்டிப்பதாக மாறிவிடுகிறது, பாராட்டப்பட்டவரும் கூச்சத்தில் தலை குனிந்து நிற்கிறார். நேற்று டார்கெட்டை எட்டாதவரின் பெயரையும் அங்கே எடுக்காதீர்கள், அதைத் தனியாக அழைத்துப் பேசலாம். யாரை எந்த நாளில் பாராட்டினோம் என்பதை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். நான் குறிக்கத் தொடங்கிய பிறகுதான், பில் போடுபவர்களும் துணி மடிப்பவர்களும் இரண்டு மாதமாக அதில் வரவே இல்லை என்பது தெரிந்தது.

சொன்னபடி நாலு மணிக்குப் போய்ப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மாலைக் கூட்டம் இனிமேல்தான் என்பதால், அந்த நேரத்தில் மொத்தம் 20 செட் ஆகியிருந்தால் எனக்குப் போதும். 8 அல்லது 10 என்று நின்றால், பெரும்பாலும் ரவிக்கைத் துணி வேறு தளத்தில் இருக்கும், அல்லது அதிகம் கேட்கப்படும் நிறம் தீர்ந்திருக்கும். அப்போது ஊழியர்களிடம் ஏன் என்று கேட்பதற்கு முன், ஒரு கட்டுத் துணியை அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் நானே கொண்டுவந்து வைக்கிறேன்.