போட்டோவில் இருக்கும் சார்பிலிருந்து வளைவரை: கேள்வி பதில்

கேள்வி: சார், வினாத்தாளை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். y = x⁴ − 4x³ என்றுதான் எனக்குத் தெரிகிறது. நண்பன் x⁴ − 4x² என்கிறான். அடுக்கு மங்கலாக இருக்கிறது. எதை வைத்துப் போடுவது?

பதில்: அடுக்கையே உற்றுப் பார்ப்பதைவிட, வினாவின் மற்ற வரிகளைப் படியுங்கள். உங்கள் படத்தின் கடைசி வரியில் "வளைவரை (4, 0) வழியாகச் செல்கிறது" என்று தெளிவாக இருக்கிறது. x = 4 போட்டால் x⁴ − 4x³ என்பது 256 − 256 = 0. நண்பர் சொல்வதில் 256 − 64 = 192. ஆகவே நீங்கள் படித்ததுதான் சரி. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்தான் ஆகும். அதை விட்டுவிட்டு வகையிட ஆரம்பித்தால், தவறான சார்புக்கு எல்லாம் சரியாகப் போட்டு முடித்திருப்பீர்கள்; எந்த வரியிலும் பிழை தெரியாது.

கேள்வி: அதே கணக்குதான். f′ = 4x³ − 12x². இதைச் சுழிக்குச் சமப்படுத்தினால் x = 0, x = 3. இரண்டும் திரும்பு புள்ளிதானே? ஆனால் 0-வில் f″-உம் சுழி வருகிறது. அது பெருமமா, சிறுமமா?

பதில்: இரண்டும் இல்லை. f′-ஐக் காரணிப்படுத்தியே வைத்துக்கொள்ளுங்கள்: 4x²(x − 3). இதில் x² எப்போதும் குறை எண் ஆகாது. அதனால் f′-இன் குறியை முடிவு செய்வது (x − 3) மட்டுமே. x = −1-இல் f′ = −16, x = 1-இல் −8, x = 4-இல் +64. 0-வுக்கு முன்னும் இறக்கம், பின்னும் இறக்கம். அங்கே வளைவரை ஒரு கணம் தட்டையாகிவிட்டு, தொடர்ந்து இறங்குகிறது, திரும்பவில்லை. 3-இல் இறக்கம் ஏற்றமாகிறது. எனவே (3, −27) ஒன்றுதான் திரும்பு புள்ளி, அது சிறுமம்.

f″ = 12x(x − 2). x = −1-இல் +36, x = 1-இல் −12, x = 3-இல் +36. 0-விலும் 2-இலும் குறி மாறுகிறது. ஆகவே (0, 0), (2, −16) இரண்டும் வளைவு மாற்றப் புள்ளிகள். f″ சுழியானால் இரண்டாம் வகைக்கெழுச் சோதனை எதுவும் சொல்லாது. அப்போது f′-இன் குறிக்குத் திரும்பிப் போக வேண்டும். பலரும் இந்த இடத்தில்தான் ஊகித்து எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

கேள்வி: இவ்வளவு குறி பார்க்க வேண்டுமா? f″ = 0, f‴ ≠ 0 என்றால் வளைவு மாற்றப் புள்ளி. f‴ = 24x − 24, 0-வில் −24. முடிந்தது.

பதில்: இந்தக் கணக்குக்கு அது சரி, வேகமும்கூட. ஆனால் அந்த விதி ஒரு பக்கம்தான் வேலை செய்யும். f‴ சுழியானால் "வளைவு மாற்றப் புள்ளி இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். x⁵-க்கு 0-வில் f″, f‴ இரண்டும் சுழி. ஆனாலும் அங்கே குழிவு மாறுகிறது. x⁴-க்கும் இரண்டும் சுழி, குழிவு மாறவில்லை. f‴-ஆல் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது, குறியால் முடியும்.

கேள்வி: சார், நான் x = 3-ஐப் போட்டால் y = 0 தான் வருகிறது. −27 எங்கிருந்து வந்தது?

பதில்: நீங்கள் f′-இல் போட்டிருக்கிறீர்கள். அங்கே சுழி வரத்தான் செய்யும், ஏனென்றால் 3-ஐக் கண்டுபிடித்ததே அப்படித்தான். y வேண்டுமென்றால் மூலச் சார்பில் போடுங்கள்: 81 − 108.

கேள்வி: புள்ளிகள் எல்லாம் சரியாக வந்தும் படம் அசிங்கமாக வருகிறது. 0-வுக்குப் பக்கத்தில் வளைவரை x-அச்சோடு ஒட்டிக்கொள்கிறது. எங்கே தப்பு?

பதில்: தப்பு இல்லை, அளவுத்திட்டத்தின் விளைவு. −27 வரை இறங்க வேண்டியிருப்பதால் y-அச்சில் 2 செ.மீ.க்கு 10 அலகு, x-அச்சில் 2 செ.மீ.க்கு 1 அலகு வைத்திருப்பீர்கள். x = 0.5-இல் y சுமார் −0.44, x = −0.5-இல் சுமார் 0.56. தாளில் இவை ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஒட்டித்தான் தெரியும். இடப்பக்கம் அச்சுக்கு மேலே, வலப்பக்கம் கீழே என்பது மட்டும் தெளிவாக இருக்கட்டும். பலர் இங்கே ஒரு சின்னப் பள்ளம் போட்டுவிடுகிறார்கள். அது இல்லாத சிறுமத்தைக் காட்டிவிடும்.

கை கோணாமல் இருக்க, வளைவரைக்கு முன் தொடுகோடுகளை மெல்லிய பென்சிலில் போடுங்கள். (0, 0)-இல் தொடுகோடு x-அச்சேதான். (3, −27)-இல் கிடைமட்டக் கோடு. (2, −16)-இல் சாய்வு −16, எனவே y = −16x + 16; (1, 0)-ஐயும் (2, −16)-ஐயும் சேர்த்தால் போதும். 2-க்கு அருகில், இடப்பக்கம் வளைவரை இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், வலப்பக்கம் மேலே. சரிபார்க்க: x = 1-இல் கோடு 0, வளைவரை −3. x = 3-இல் கோடு −32, வளைவரை −27. வளைவரை தொடுகோட்டைக் கடந்து போவது கண்ணுக்குத் தெரிந்தால்தான் வளைவு மாற்றப் புள்ளியைச் சரியாக வரைந்திருக்கிறீர்கள்.

கேள்வி: என் கணக்கு வேறு. போட்டோவில் (x² + 1)/x என்று இருக்கிறது. விடைப்பகுதியில் வளைவு மாற்றப் புள்ளி (−1, 0) என்கிறார்கள். எனக்கு ஒன்றுமே வரவில்லை. விடை தவறா?

பதில்: உங்கள் படத்தில் பின்னக்கோட்டின் நீளத்தைப் பாருங்கள். அது 1-க்கு அடியில் மட்டும்தான் ஓடுகிறது, x²-க்கு அடியில் இல்லை. ஆகவே சார்பு x² + 1/x. f″ = 2 + 2/x³; இது சுழியாவது x = −1-இல். x = −2-இல் f″ = 1.75, x = −0.5-இல் −14. குறி மாறுகிறது, y = 1 − 1 = 0. விடை சரிதான்.

நீங்கள் படித்த சார்பாகவே இருந்திருந்தால் f″ = 2/x³. 0-வைத் தாண்டும்போது குறி மாறினாலும், x = 0-இல் வளைவரையில் புள்ளியே கிடையாது, அதனால் குறிக்க எதுவும் இல்லை.

கேள்வி: அப்படியானால் y = x-இன் கனமூலம்? 0-வில் புள்ளி இருக்கிறது, குழிவு மாறுகிறது, ஆனால் வகைக்கெழுவே இல்லை. எங்கள் ஆசிரியர் வளைவு மாற்றப் புள்ளி இல்லை என்கிறார்.

பதில்: அங்கே தொடுகோடு இருக்கிறது, செங்குத்தாக. குழிவு மாறினால் போதும் என்று வரையறுக்கும் நூல்களில் (0, 0) வளைவு மாற்றப் புள்ளி. அங்கே வகையிட முடிய வேண்டும் என்று கேட்கும் நூல்களில் இல்லை. நான் குறிப்பேன், ஏனென்றால் வளைவரை தொடுகோட்டைக் கடப்பது கண்ணுக்குத் தெரிகிறது.

இன்னொருவர்: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். f″ = 0 என்ற சமன்பாட்டிலிருந்து வராத புள்ளியை மாணவன் எப்படித் தேடுவான்?

பதில்: f″ இல்லாத இடங்களையும் அட்டவணையில் சேர்த்துத் தேடுவான். ஆனால் வரையறை பற்றிய உங்கள் ஆட்சேபம் அப்படியே நிற்கிறது, அதை நான் மறுக்கவில்லை. தேர்வில் உங்கள் பாடநூலின் வரையறையை ஒரு வரி எழுதிவிட்டு, அதன்படி முடிவு சொல்லுங்கள்.