டயாலிசிஸில் கால் இழுப்பதும் பிரஷர் விழுவதும்: உலர் எடை சரியா, வேகம் சரியா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, சீனி வருத்தமும் இருக்கிறது. கிழமைக்கு இரண்டு தரம் நாலு மணித்தியாலம் டயாலிசிஸ். தேங்கிய தண்ணியெல்லாம் எடுத்த பிறகு நிற்க வேண்டிய எடை, அதாவது உலர் எடை, 58 கிலோ என்று கார்டில் எழுதியிருக்கிறார்கள். போகும்போது 61, 61.5 இருப்பார். கடைசி ஒரு மணித்தியாலத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது, சில நாள் பிரஷர் விழுந்து மயங்குறார். தண்ணியைக் கூட எடுக்கிறாங்களா?

பதில்:

நானும் அந்தக் கட்டிலில் படுக்கிறவன்தான், கல்லடியிலிருந்து போய் வருகிறேன், ஐந்தாவது வருடம். டொக்டர் இல்லை. ஆனால் முதல் நாளிலிருந்து ஒரு சி.ஆர். கொப்பியில் எடையும் பிரஷரும் எழுதி வருகிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

கூட எடுப்பதில் இரண்டு விதம் உண்டு. உடம்பில் இருக்கிற தண்ணியை அவசரமாக எடுப்பது ஒன்று. இல்லாத தண்ணியை எடுக்கப் பார்ப்பது மற்றது. கட்டிலில் படுத்திருப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் வலிக்கும், ஆனால் மருந்து வேறு வேறு.

எங்கள் பக்கத்து மணல் கிணற்றில் மோட்டர் போட்டு இறைத்துப் பார்த்திருப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணி வற்றி மோட்டர் காற்றை இழுக்கும். நிறுத்திவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து வந்தால் ஊற்று சுரந்து பழையபடி நிற்கும். மெசின் இறைப்பதும் இரத்தக் குழாய் என்ற கிணற்றிலிருந்து மட்டும்தான். அதில் இருக்கிற நீர்ப்பகுதி ஏறத்தாழ மூன்று லீற்றர். அப்பாவிடம் எடுப்பதும் மூன்று, மூன்றரை. அவ்வளவு எடுத்தும் இரத்தம் வற்றாமல் இருப்பது, சதையிலும் தோலுக்கடியிலும் தேங்கிய தண்ணி உள்ளே ஊறி வந்துகொண்டே இருப்பதால். ஊறுவதை விட இறைப்பது வேகமானால் பிரஷர் இறங்கும், காலுக்குப் போகிற இரத்தம் குறையும், கெண்டை இழுக்கும். தேங்கியது குறையக் குறைய ஊற்றும் மெதுவாகும். அதனால்தான் முதல் இரண்டு மணித்தியாலம் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தவர் கடைசி மணித்தியாலத்தில் கத்துகிறார்.

அப்பாவின் கணக்கைப் பார்ப்போம். 61.5 இலிருந்து 58 என்றால் மூன்றரை லீற்றர். நாலு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 875 மில்லிலீற்றர். 58 கிலோவால் பிரித்தால் ஒரு கிலோவுக்கு 15. பொதுவாக 13ஐத் தாண்டக் கூடாது என்பார்கள், பத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது. 13 என்று வைத்தாலும் அவரிடம் நாலு மணித்தியாலத்தில் எடுக்கக்கூடியது மூன்று லீற்றர்தான். மீதி அரை லீற்றருக்கு இன்னும் நாற்பது நிமிடம் வேண்டும். அல்லது அந்த அரை லீற்றர் வராமலே இருக்க வேண்டும். அதற்குத் தண்ணிக் கோப்பையை விட உப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏறத்தாழ எட்டு கிராம் உப்பு ஒரு லீற்றர் தண்ணியைக் கேட்டு வாங்கிக் குடிக்க வைக்கும். கருவாடும் மாசிச் சம்பலும் சாப்பிட்டுவிட்டுத் தாகத்தை அடக்கு என்றால் ஆராலும் முடியாது. சீனி கூடினாலும் தாகம் வரும். சட்டித் தயிரும் தண்ணிக் கணக்குத்தான், நம்மூரில் அதை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை.

இது வேகத்தின் கதை. இனி இல்லாத தண்ணியின் கதை, அதாவது என் கதை.

தொடங்கியபோது எனக்கு ஓங்காளம், சாப்பாடே இறங்காது. அப்போது உலர் எடை 54 என்று வைத்தார்கள், அன்றைக்கு அது சரி. நாலைந்து மாதத்தில் பசி திரும்பியது. மீனும் முட்டையும் சாப்பிட்டேன், கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது. கார்டில் மட்டும் 54 அப்படியே இருந்தது. ஏறிய சதையையும் தண்ணி என்று நினைத்து மெசின் எடுக்கப் பார்த்தது. ஒரு நாள் மூன்றாவது மணித்தியாலம் முடியும் நேரம் கொட்டாவி மேல் கொட்டாவி. “ஐயா, நித்திரையா, தலை சுத்துதா?” என்று மிஸ் கேட்டுக்கொண்டே பிரஷர் பட்டியைக் கட்டினார். 84/50. தண்ணி எடுப்பதை நிறுத்தி, தலைப்பக்கத்தைப் பதித்து, சேலைன் கொஞ்சம் விட்டார். அதற்குள் வலது பாதத்தின் பெருவிரல் தானாக மேலே எழும்பி நின்றது, கெண்டை கல்லு மாதிரி. அவர் பாதத்தைப் பிடித்து முழங்கால் பக்கமாக அமத்தித் தள்ளினார், மெல்ல இளகியது. அந்தக் கொட்டாவியை அப்பாவிடமும் கவனியுங்கள். பிரஷர் விழுவதற்கு முன்னால் பலருக்கு அது வரும், அப்போதே சொன்னால் இழுப்பு வரை போகாது.

வீட்டுக்கு வந்து கொப்பியைப் புரட்டினேன். 56.3 உடன் போன நாளில் கால் இழுத்திருக்கிறது. சரி, 2.3 லீற்றர், கிலோவுக்குப் பத்துச் சொச்சம், வேகம் என்று சொல்ல முடியாது. 55.4 உடன் போன நாளிலும், வெறும் 1.4 லீற்றருக்கும், இழுத்திருக்கிறது. முடிவில் பிரஷர் 95/60, அன்று இரவு வீட்டிலும் இழுப்பு, காலையில் எழும்பி நின்றால் கண் இருட்டு. வேகம்தான் காரணம் என்றால் குறைவாக ஏறிய நாளில் இழுத்திருக்கக் கூடாது.

கொப்பியை டொக்டரிடம் காட்டினேன். காலை அமத்திப் பார்த்தார், நெஞ்சைக் கேட்டார், படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் எடுத்தார், நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றும் எடுப்பித்தார். பிறகு 54.5. நாலைந்து தடவை பார்த்துவிட்டு 55. பிறகு 55.5. அங்கே இழுப்பு நின்றது, முடிவில் பிரஷர் 125, 130க்குள் நின்றது, இரவில் ஒரு தலையணையோடு படுக்க முடிந்தது. உலர் எடையைக் கண்டுபிடிப்பது இப்படித்தான், அரைக் கிலோ அரைக் கிலோவாகத் தடவித் தடவி.

ஆனால் இதை வாசித்துவிட்டு அப்பாவுக்கும் ஏற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். அவருக்கும் ஒரு கொப்பியில் எடையும் பிரஷரும் எழுதி, குறைவாக ஏறிய நாட்களை முதலில் தேடுங்கள். 59.5 உடன் போன நாளில் சுகமாக வந்து, 61.5 நாளில் மட்டும் இழுத்தால் அது வேகம். உலர் எடையை ஏற்றினால் தண்ணி உள்ளே தங்கி நெஞ்சில் ஏறும். கால் வீங்கவில்லை என்பதை நம்பவும் வேண்டாம். இரண்டு மூன்று லீற்றர் தேங்கும் வரை கால் காட்டிக்கொடுக்காமல் இருக்கலாம். குறைவாக ஏறிய நாளிலும் இழுத்தால் 58 என்ற எண்ணைச் சந்தேகிக்கலாம். சீனி வருத்தக்காரருக்கு இன்னொரு சிக்கல்: நரம்பும் இதயமும் பலவீனமானால் உடம்பில் தண்ணி இருக்கும்போதே பிரஷர் விழும். அதை டொக்டர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். காலையில் போடும் பிரஷர் குளிசையை டயாலிசிஸ் நாளில் எப்போது போடுவது என்றும் அவரிடமே கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். மெசினில் இருக்கும்போது சோற்றுப் பார்சலைப் பிரிப்பதையும் விடச் சொல்லுங்கள், சாப்பிட்டதும் இரத்தம் குடலுக்குப் போய் பிரஷர் இறங்கும்.

அப்புறம் ஒரு சின்ன விசயம், தராசு. என் பக்கத்துக் கட்டில்காரர் எப்போதும் சாரத்தோடு வருவார். ஒரு நாள் வங்கிக்குப் போய்விட்டு நீளக் காற்சட்டை, பெல்ட், போன், சாவிக்கொத்தோடு தராசில் ஏறிவிட்டார். ஏறத்தாழ முக்கால் கிலோ. அந்த முக்கால் கிலோவையும் அவருடைய இரத்தத்திலிருந்துதான் எடுக்கப் பார்த்தார்கள். அன்று அவர் கத்திய சத்தத்தில் நான் நித்திரையிலிருந்து எழும்பினேன்.