நோட்டீஸ் காலத்தில் அப்பா ஆஸ்பத்திரியில்: கடைசி நாளை முன்னால் கொண்டுவரலாமா?

கேள்வி: மார்ச் 3 அன்று ராஜினாமா கொடுத்தேன். 60 நாள் நோட்டீஸ். மே 2 கடைசி நாள் என்று ஹெச்ஆர் மெயிலில் உறுதி செய்தார்கள். இப்போது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஏப்ரல் 10-க்குப் பிறகு என்னால் வேலைக்கு வர முடியாது. மேனேஜர் "முதல்ல போய் அப்பாவைப் பாருங்க" என்கிறார். கடைசி நாளை ஏப்ரல் 10 ஆக மாற்றச் சொல்லலாமா? பணம் பிடிப்பார்களா? சம்பளம் 60,000, அதில் பேசிக் 30,000. 9 நாள் லீவு பாக்கி இருக்கிறது.

பதில்: கேட்கலாம். ஆனால் கேட்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். அப்பாவின் பெயர் உங்கள் அலுவலகத்தின் குரூப் மருத்துவக் காப்பீட்டில் இருக்கிறதா? இருந்தால் கடைசி நாளை முன்னால் கொண்டுவருவது உங்களுக்கே பாதகமாகலாம். இந்த மாதிரிக் காப்பீடு பெரும்பாலும் நீங்கள் ஊழியராக இருக்கும் கடைசி நாளோடு முடிந்துவிடும். அப்பா 15-ம் தேதி வரை ஆஸ்பத்திரியில் இருந்தால், 10-க்குப் பிந்தைய செலவைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்க இடமிருக்கிறது. அப்படியானால் தேதியை மாற்றச் சொல்லாதீர்கள். மே 2 அப்படியே இருக்கட்டும். ஏப்ரல் 11 முதல் லீவு கேளுங்கள், பாக்கி 9 நாள் சம்பளத்தோடு, மீதி சம்பளமில்லாமல். நோட்டீஸ் காலத்தில் எடுக்கும் லீவு அளவுக்குக் கடைசி நாளைத் தள்ளிவைக்கும் விதி பல நிறுவனங்களில் உண்டு. ஆகவே "கடைசி நாள் மே 2 என்பதில் மாற்றமில்லை" என்ற வரியையும் அவர்கள் பதிலில் வாங்குங்கள். இடையில் வேறு வேலையில் சேர்வதாக இருந்தால் இந்த வழி ஒத்துவராது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் ஊழியராகக் கணக்காகிவிடும்.

காப்பீட்டுப் பிரச்சினை இல்லையென்றால் தேதி மாற்றம் கேட்பதே நேர்வழி. மே 2 என்பது இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதி. அதை நீங்களாக மாற்ற முடியாது, அவர்கள் சம்மதம் வேண்டும். குடும்ப அவசரம் சம்மதிக்க நல்ல காரணம்தான். ஆனால் அதனாலேயே தேதி மாறிவிடாது. மேனேஜர் வாயால் சொன்னதும் போதாது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மேனேஜர் நல்ல மனதோடு போகச் சொல்லியிருப்பார். ஹெச்ஆர் போர்ட்டலில் மே 2 அப்படியே இருக்கும். 11-ம் தேதியிலிருந்து வருகைப் பதிவில் 'ஆப்சென்ட்' விழும். சில நாளில் "அனுமதியின்றி வரவில்லை" என்று நோட்டீஸ் வரும். ரிலீவிங் லெட்டர் சிக்குவது பெரும்பாலும் இப்படித்தான்.

இன்றே மேனேஜருக்கும் ஹெச்ஆருக்கும் ஒரே மெயிலாக இப்படி எழுதுங்கள்:

"மார்ச் 3-ல் நான் கொடுத்த ராஜினாமாவின்படி கடைசி வேலை நாள் மே 2. என் தந்தை பக்கவாதத்தால் ஆஸ்பத்திரியில் இருப்பதால், அதை ஏப்ரல் 10 ஆக மாற்றித் தரக் கேட்டுக்கொள்கிறேன். குறையும் 22 நாளில் என் பாக்கி லீவு 9 நாளைக் கழித்துக்கொண்டு, மீதியைத் தள்ளுபடி செய்யவோ, ஒப்பந்தப்படி கணக்கிடவோ வேண்டுகிறேன். பொறுப்புகளை 9-ம் தேதிக்குள் ஒப்படைத்துவிடுவேன். உங்கள் முடிவை மெயிலில் தெரிவியுங்கள்."

ஆஸ்பத்திரி அனுமதிச் சீட்டை மட்டும் இணையுங்கள். ஸ்கேன், மருத்துவக் குறிப்பெல்லாம் அவர்களுக்குத் தேவையில்லை. "ராஜினாமா செய்கிறேன்" என்று மறுபடி எழுதாதீர்கள். நோட்டீஸ் புதிதாகத் தொடங்குகிறது என்று சொல்ல இடம் கொடுத்துவிடும். "10-க்குப் பிறகு வரமாட்டேன்" என்றும் வேண்டாம். அது வேண்டுகோளாக இல்லாமல் அறிவிப்பாகிவிடும்.

பணக் கணக்கு. ஏப்ரல் 11 முதல் மே 2 வரை 22 நாள். லீவைக் கழித்தால் 13. மொத்தச் சம்பளத்தில் பிடித்தால் நாளுக்கு 2,000 வீதம் 26,000. பேசிக்கில் பிடித்தால் 1,000 வீதம் 13,000. எது என்பதை உங்கள் பணி ஆணையின் நோட்டீஸ் பிரிவு சொல்லும். பேசிக் என்று இருக்கும்போது மொத்தச் சம்பளத்தில் கணக்கிட்டால் எழுத்தில் ஆட்சேபியுங்கள். இன்னொன்று: நோட்டீஸ் நாட்கள் விடுமுறையையும் சேர்த்து எண்ணப்படுபவை, லீவோ பெரும்பாலும் வேலை நாளில்தான் கழியும். இடையில் வரும் வார விடுமுறைகளையும் லீவோடு சேர்த்து எண்ணினால் 13 இன்னும் குறையும். அதைக் கேட்டுப் பெறுங்கள்.

மறுத்தால்? உங்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கும் உத்தரவை நீதிமன்றங்கள் பொதுவாகத் தருவதில்லை. அவர்களுக்கு மிஞ்சுவது பணக் கோரிக்கைதான். குறையும் நாட்களுக்கான தொகையைக் கட்டத் தயார் என்று எழுதுங்கள், அதற்கு ஒப்பந்தம் இடம் கொடுக்கிறதா என்பதையும் பாருங்கள். 'நிறுவனம் சம்மதித்தால் மட்டும்' என்று இருந்தால் இரண்டாவது வழியாக லீவையே கேளுங்கள்.

சம்மதம் வந்த பிறகு போர்ட்டலில் தேதி மாறியதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தையும் சம்மத மெயிலையும் 10-ம் தேதிக்கு முன்பே உங்கள் கையில் எடுத்து வையுங்கள். அன்று மாலையே அலுவலக மெயில் பூட்டப்பட்டுவிடலாம்.