பாட்டி எவ்வளவு நேரம் வாசலைப் பார்க்க வேண்டும்? அனிமேட்டிக் கேள்வி பதில்

அக்கா, ஒரு நிமிஷக் குறும்படம். பாட்டி கதவைத் திறந்து "யாரு?" என்கிறாள், யாரும் இல்லை, உள்ளே பாத்திரம் விழுகிறது. டப்பிங் அடுத்த மாதம்தான். அதுவரை அனிமேட்டிக்கில், அதாவது வரைந்த படங்களை வரிசையாக ஓட்டிப் பார்க்கும் முன்மாதிரியில், படங்களை மட்டும் ஓட்டிப் பார்க்கவா?

ஊமையாக ஓட்டாதீர்கள். போனில் நீங்களே பேசிப் பதிவு செய்யுங்கள். பாட்டிக் குரல் வேண்டாம், ஆனால் நடித்துப் பேசுங்கள். தாளைப் பார்த்து ஒப்பித்தால் நடுவில் வரும் மூச்சும் தயக்கமும் காணாமல் போகும். பாத்திரத்துக்கு ஒரு தட்டைக் கீழே போட்டால் போதும்.

டைம்லைனில் முதலில் ஒலியை வைத்து, அதற்கேற்பப் படங்களை அடுக்குங்கள். வினாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில், "யாரு?"வுக்கும் சத்தத்துக்கும் நடுவில் 24, 36, 48 ஃபிரேம் மௌனம் விட்டு மூன்று பிரதிகள் எடுங்கள். கதை தெரியாதவரிடம் காட்டுங்கள். வாசல் காலி என்பதே அவருக்குப் பதியவில்லை என்றால் மௌனம் போதவில்லை. சத்தம் வருமுன்பே ஏதோ வரப்போகிறது என்று சொல்லிவிட்டால் கூடிவிட்டது. பயமா சிரிப்பா என்பதைப் பொறுத்து விடை மாறும்.

அசையாத படம் நீளமாகத் தெரியும். அதனால் எல்லா ஷாட்டையும் கொஞ்சம் வெட்டிவிட்டேன். அசைவு வந்தால் சரியாகிவிடும்தானே?

பாட்டி சும்மா நின்று பார்க்கும் ஷாட்டுக்கு அது பொருந்தும். கதவு திறக்கும் ஷாட்டுக்குப் பொருந்தாது. ஒரே படத்தை 12 ஃபிரேம் வைத்தால் கதவு திறந்ததாகத்தான் தெரியும். ஆனால் தாழ்ப்பாளை நீக்கி, இழுத்து, எட்டிப் பார்ப்பதை நீங்களே நடித்து, போன் ஸ்டாப்வாட்சில் பாருங்கள். இரண்டரை வினாடி வந்தால் 60 ஃபிரேம். அதை 12-இல் அடைத்தால் பாட்டி பாய்வாள். அந்த ஷாட்டுக்கு மூன்று படமாவது வரையுங்கள்.

எனக்கு வேறு பிரச்சினை. பிளெண்டர் மென்பொருளில் ஓட்டினால் குரல் முந்துகிறது, படம் பின்தங்குகிறது. ஷாட்டுகளை வெட்டி வெட்டிச் சரிசெய்தும் மறுநாள் மீண்டும் அதே கதை.

வெட்டுவதை நிறுத்துங்கள். கணினி மெதுவாக ஓட்டுகிறது, உங்கள் டைமிங் தவறில்லை. Playback மெனுவில் `Play Every Frame` இருந்தால் `Sync to Audio` ஆக்குங்கள். வெட்டுவதா வேண்டாமா என்ற முடிவை, வீடியோவாக ரெண்டர் செய்து பார்த்த பிறகு எடுங்கள்.

பத்து வருஷமாக எடிட்டிங் செய்கிறேன். தற்காலிக இசை போட்டதும் எங்கள் அனிமேட்டிக் பிரமாதமாகிவிட்டது. இயக்குநர் அந்த இசையை எடுக்கவே விடமாட்டேன் என்கிறார்.

இசையை மட்டும் மியூட் செய்து அவருக்குக் காட்டுங்கள். தொய்ந்தால், ஷாட்டுகளை இசைதான் இழுத்துக்கொண்டிருந்தது. பிறகு இசையமைப்பாளர் வேறு தாளத்தில் தந்தால் வெட்டெல்லாம் இடறும். சிலர் அந்தத் தாளத்தையே அவரிடம் கேட்டு வாங்குகிறார்கள், அதுவும் ஒரு வழி. எனக்குப் பிடிக்காது.

டப்பிங் வந்ததும் "யாரு?" 12-லிருந்து 20 ஃபிரேமாக நீண்டால் ஷாட்டை 8 கூட்டுங்கள், மௌனத்தைக் கடிக்காதீர்கள். வாயசைவை அதற்கப்புறம் வரையுங்கள்.